சீசன் தாளில் ஆவரேஜ், ஸ்டிரைக் ரேட், எகானமி: சரிபார்ப்பது எப்படி?

2016 ஐபிஎல் தொடரில் விராட் கோலி 973 ரன் அடித்தார். அந்த சீசன் சுருக்கத் தாளில் அவருடைய வரி இப்படி இருக்கும்: 16 ஆட்டம், 16 இன்னிங்ஸ், 4 நாட் அவுட், 973 ரன், அதிகபட்சம் 113, ஆவரேஜ் 81.08, சந்தித்த பந்து 640, ஸ்டிரைக் ரேட் 152.03. முதல்முறையாகத் தாளைச் சரிபார்க்க உட்காருபவர் கால்குலேட்டரை எடுத்து 973-ஐ 16-ஆல் வகுப்பார். 60.81 வரும். தாளில் 81.08 இருக்கிறதே, இருபது ரன் வித்தியாசமா என்று குழம்புவார். தாளில் இருப்பதுதான் சரி.

ஆவரேஜ், ஸ்டிரைக் ரேட், எகானமி மூன்றுமே ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுப்பதுதான். ரன் எண்ணிக்கையில் தவறு நேர்வது குறைவு, அதை எல்லோரும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பிசகு வருவது வகுக்கும் எண்ணில். எத்தனை முறை அவுட் ஆனார், எத்தனை பந்து சந்தித்தார், எத்தனை பந்து வீசினார் என்ற மூன்று எண்ணிக்கையையும் சரியாகப் பிடித்துவிட்டால் தாள் சரியாகிவிடும். கிளப்பிலோ கல்லூரி அணியிலோ சீசன் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், சரிபார்ப்பதை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் பத்திகளைப் பாருங்கள்

எந்த எண்ணையும் வகுப்பதற்கு முன்னால் தலைப்பு வரியைப் படியுங்கள். பேட்டிங் பகுதியில் பொதுவாக Mat, Inns, NO, Runs, HS, Ave, BF, SR என்று இருக்கும். ஆட்டம், பேட் செய்த இன்னிங்ஸ், நாட் அவுட், ரன், அதிகபட்ச ஸ்கோர், ஆவரேஜ், சந்தித்த பந்து, ஸ்டிரைக் ரேட் என்பவைதான் அவை. பவுலிங் பகுதியில் Overs, Mdns, Runs, Wkts, Ave, Econ, SR இருக்கும். இரண்டு பகுதியிலும் SR என்று ஒரு பத்தி வருவதைக் கவனியுங்கள். பேட்டிங்கில் அது நூறு பந்துக்கு எத்தனை ரன். பவுலிங்கில் அது ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒரே தாளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்போது புதியவர்கள் இதில் தடுமாறுவதுண்டு.

அப்புறம், வகுக்காமலே தெரியக்கூடிய முரண்பாடுகளை ஒருமுறை தேடுங்கள். ஒருநாள், டி20 ஆட்டங்களில் இன்னிங்ஸ் எண்ணிக்கை ஆட்ட எண்ணிக்கையைத் தாண்டவே முடியாது. நாட் அவுட் இன்னிங்ஸைத் தாண்ட முடியாது. அதிகபட்ச ஸ்கோரில் நட்சத்திரக் குறி இருந்தால், 67* என்பது போல, அந்த வரியில் நாட் அவுட் குறைந்தது 1 இருந்தாக வேண்டும். நட்சத்திரம் இருந்தும் நாட் அவுட் 0 என்றால் இரண்டில் ஒன்று தவறு, ஸ்கோர் புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான்.

ஆவரேஜ்: எத்தனை முறை அவுட்?

பேட்டிங் ஆவரேஜ் என்பது மொத்த ரன்னை, அவுட்டான எண்ணிக்கையால் வகுப்பது. அவுட்டான எண்ணிக்கை என்பது இன்னிங்ஸிலிருந்து நாட் அவுட்டைக் கழித்தால் கிடைப்பது. கோலிக்கு 16-இல் 4 போக 12. 973-ஐ 12-ஆல் வகுத்தால் 81.083. தாளில் 81.08.

டான் பிராட்மேனின் 99.94 எல்லோருக்கும் தெரிந்த எண். டெஸ்டில் 80 இன்னிங்ஸ், 10 நாட் அவுட், 6996 ரன். 70-ஆல் வகுத்தால்தான் 99.94 வரும். 80-ஆல் வகுத்தால் 87.45 ஆகிவிடும். உங்கள் தாளில் யாராவது இன்னிங்ஸால் வகுத்துவைத்திருந்தால், கடைசியில் இறங்கி அடிக்கடி நாட் அவுட்டாக நிற்கும் வீரர்களுக்குத்தான் அதிக நஷ்டம். தொடக்க ஆட்டக்காரர் பெரும்பாலும் அவுட் ஆகிவிடுவார், அவர் வரியில் வித்தியாசம் தெரியாமலே போகும். அதனால் சரிபார்க்கும்போது நாட் அவுட் அதிகமுள்ள வரியிலிருந்து தொடங்குங்கள்.

எதால் வகுத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: ரன்னை ஆவரேஜால் திருப்பி வகுங்கள். மாதிரிக்கு ஒரு வரி எடுத்துக்கொள்வோம். 9 ஆட்டம், 8 இன்னிங்ஸ், 3 நாட் அவுட், 212 ரன், ஆவரேஜ் 26.50. 212-ஐ 26.50-ஆல் வகுத்தால் 8 வருகிறது. இன்னிங்ஸால் வகுத்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடுகிறது. வகுத்திருக்க வேண்டியது 5-ஆல், சரியான ஆவரேஜ் 42.40. இதே வரியில் 23.56 என்று இருந்திருந்தால், திருப்பி வகுக்கும்போது 9 வந்து, ஆட்ட எண்ணிக்கையால் வகுத்ததைக் காட்டிக்கொடுத்திருக்கும். திருப்பி வகுத்தால் முழு எண்ணுக்கு மிக அருகில் வர வேண்டும். 5.6, 7.3 என்று வந்தால் ரன் பத்தியை யாரோ பின்னால் மாற்றிவிட்டு ஆவரேஜை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த அவுட் எண்ணிக்கையே சரியா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வரக்கூடிய இடங்கள் சிலதான். அடிபட்டு வெளியேறிய பேட்ஸ்மேன், அதாவது ரிட்டயர்டு ஹர்ட், திரும்பி வந்து ஆடாவிட்டால் நாட் அவுட். அந்த இன்னிங்ஸ் கணக்கில் உண்டு, அவுட் கணக்கில் இல்லை. ரிட்டயர்டு அவுட் வேறு. 2022 ஐபிஎல்லில் ராஜஸ்தான் அணிக்காக ஆடிய அஸ்வின் தானாகவே வெளியேறினாரே, அந்தத் தொடரில் அப்படி வெளியேறிய முதல் ஆள் அவர், அது அவுட்தான். அதை நாட் அவுட் என்று போட்டால் ஆவரேஜ் பொய்யாக உயரும். ரன் அவுட் பவுலரின் விக்கெட் கணக்கில் சேராது என்பதால் பேட்ஸ்மேனின் அவுட் கணக்கிலும் சிலர் விட்டுவிடுகிறார்கள். பேட்ஸ்மேனுக்கு அது முழு அவுட்.

ஒரு பந்துகூடச் சந்திக்காத இன்னிங்ஸில்தான் அதிகக் குழப்பம். கடைசி ஓவரில் இறங்கி, எதிர்முனையில் நின்றபடியே ஆட்டம் முடிந்துவிட்டால் அது 0*, ஒரு இன்னிங்ஸ், ஒரு நாட் அவுட். களத்துக்கே வராமல் பெவிலியனில் கால் கவசத்தோடு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் DNB, அதாவது பேட் செய்யவில்லை. 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் நடந்த ஆட்டத்தில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் டைம்டு அவுட் கொடுக்கப்பட்டார். ஒரு பந்தையும் அவர் சந்திக்கவில்லை, ஆனாலும் அது ஒரு இன்னிங்ஸ், ஒரு அவுட். ஆகவே BF 0 என்பதைப் பார்த்ததும் DNB என்று மாற்றிவிடாதீர்கள்.

சீசன் முழுக்க ஒரு வீரர் அவுட்டே ஆகாமல் இருந்தால் வகுக்கும் எண் பூஜ்யம் ஆகிவிடும், அவருக்கு ஆவரேஜ் கிடையாது. தாளில் ஒரு சிறுகோடு போடுவதுதான் வழக்கம். கணினித் தாளில் அங்கே #DIV/0! என்று காட்டும். அது அசிங்கமாக இருக்கிறதென்று யாராவது 0 வரும்படி மாற்றியிருப்பார்கள். அவுட்டே ஆகாதவருக்கு 0.00 ஆவரேஜ் போடுவது பெரிய அநியாயம். C பத்தியில் இன்னிங்ஸ், D-இல் நாட் அவுட், E-இல் ரன் என்று இருந்தால் சூத்திரம் இப்படி இருக்கட்டும்:

```
=IF(C2-D2=0,"-",E2/(C2-D2))
```

அணி முழுவதற்கும் நாட் அவுட் பத்தியை ஒரே வீச்சில் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. பழைய ஸ்கோரர்கள் கையால் செய்வது இது. ஒரு இன்னிங்ஸில் அணி ஆல் அவுட் ஆனால் ஒருவர் மட்டும் நாட் அவுட். ஆல் அவுட் ஆகாவிட்டால் இரண்டு பேர் நாட் அவுட். 10 ஆட்டத்தில் 4 முறை ஆல் அவுட் என்றால் நாட் அவுட் பத்தியின் கூட்டுத்தொகை 4-ம் 12-ம் சேர்ந்து 16 ஆக வேண்டும். ரிட்டயர்டு ஹர்ட் ஆகித் திரும்பாதவர் யாராவது இருந்தால் கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்: அணி ஆல் அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும் அப்படிப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடும். கூட்டுத்தொகை 14 வந்தால் எங்கோ இரண்டு பேருக்கு நாட் அவுட் விடுபட்டிருக்கிறது, ஆட்டம் ஆட்டமாகத் தேடினால் கிடைத்துவிடும்.

ஒரே ஓவர், மூன்று விதமான எண்ணிக்கை

ஸ்டிரைக் ரேட்டுக்கும் எகானமிக்கும் போவதற்கு முன் ஒரே ஒரு ஓவரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கோர் புத்தகத்தில் பவுலரின் கட்டத்தில் இப்படி இருக்கிறது: புள்ளி, 1, கூட்டல் குறி, 4, புள்ளி, வட்டம், 2, 1. கூட்டல் குறி வைடு, வட்டம் நோ-பால். இரண்டிலும் கூடுதல் ரன் ஒன்றுதான் வந்தது, வேறு ரன் இல்லை.

பவுலர் கையிலிருந்து பந்து எட்டு முறை கிளம்பியிருக்கிறது. வைடையும் நோ-பாலையும் கழித்தால் ஓவரில் சேரும் பந்து 6. பவுலரின் கணக்கில் 1, வைடு 1, 4, நோ-பால் 1, 2, 1 என்று மொத்தம் 10 ரன். பேட்ஸ்மேன்கள் சந்தித்த பந்து எத்தனை? வைடை பேட்ஸ்மேன் அடிக்கவே வாய்ப்பில்லை என்பதால் அது சந்தித்த பந்தாகாது. நோ-பாலை அடிக்கலாம், அதனால் அது சந்தித்த பந்து. ஆக 7. அவர்கள் பேட்டில் வந்த ரன் 8.

எட்டு, ஆறு, ஏழு என்ற இந்த மூன்று எண்ணும் எங்கே பயன்படுகிறது என்று பிரித்து வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எளிது. எகானமிக்கு ஆறு. ஸ்டிரைக் ரேட்டுக்கு ஏழு. எட்டு இரண்டுக்கும் வேண்டாம்.

ஸ்டிரைக் ரேட்

ரன்னை நூறால் பெருக்கி, சந்தித்த பந்தால் வகுங்கள். கோலிக்கு 97,300-ஐ 640-ஆல் வகுத்தால் 152.03. G பத்தியில் BF இருந்தால்:

```
=E2*100/G2
```

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்டிரைக் ரேட்டையும் கூட்டி, ஆட்ட எண்ணிக்கையால் வகுத்து சீசன் ஸ்டிரைக் ரேட் என்று போடுவது. ஒருவர் ஒரு ஆட்டத்தில் 5 பந்தில் 10 ரன் எடுத்தார், ஸ்டிரைக் ரேட் 200. அடுத்த ஆட்டத்தில் 40 பந்தில் 30 ரன், ஸ்டிரைக் ரேட் 75. இரண்டின் நடுவே 137.50 வரும். ஆனால் அவர் உண்மையில் 45 பந்தில் 40 ரன் எடுத்திருக்கிறார், ஸ்டிரைக் ரேட் 88.89 தான். ஐந்து பந்து இன்னிங்ஸுக்கும் நாற்பது பந்து இன்னிங்ஸுக்கும் சம எடை கொடுத்ததால் வந்த வினை இது. ஒரு வீரரின் ஸ்டிரைக் ரேட் சந்தேகத்துக்கு இடமாக உயர்ந்திருந்தால், அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்து AVERAGE என்ற சொல் சூத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தவறு அதுதான். எகானமியிலும் இதே தவறு நடக்கும்.

BF பத்தி சரியா என்பதை இன்னிங்ஸ் இன்னிங்ஸாகத்தான் பார்க்க முடியும். ஒரு இன்னிங்ஸில் எல்லா பேட்ஸ்மேன்களும் சந்தித்த பந்துகளைக் கூட்டினால், ஓவரில் சேர்ந்த பந்தும் நோ-பாலும் சேர்ந்த எண்ணிக்கை வர வேண்டும். முழு 20 ஓவர், அதில் 3 நோ-பால் என்றால் கூட்டுத்தொகை 123. 120 மட்டும் வந்தால் ஸ்கோரர் நோ-பாலைச் சேர்க்கவில்லை. 123-க்கு மேல் போனால், வைடைச் சேர்த்திருக்கிறார் என்று முதலில் சந்தேகப்படுங்கள். அந்த இன்னிங்ஸின் வைடு எண்ணிக்கையும் மிகுதியும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். பையும் லெக் பையும் வந்த பந்துகள் சந்தித்த பந்துதான், ரன் மட்டும் பேட்ஸ்மேனுக்குச் சேராது.

பவுண்டரிப் பத்திகள் இருந்தால் கூடுதலாக ஒரு பரிசோதனை செய்யலாம். கோலி அந்த சீசனில் 83 ஃபோர், 38 சிக்ஸர். 332-ம் 228-ம் சேர்ந்து 560. மீதி 413 ரன்னை மீதி 519 பந்தில் ஓடி எடுத்திருக்கிறார், நம்பக்கூடிய எண்தான். உங்கள் தாளில் பவுண்டரி ரன் மட்டுமே மொத்த ரன்னைத் தாண்டினால், ஒரு ஆட்டத்தின் ரன் ஏறாமல் பவுண்டரி மட்டும் ஏறியிருக்கிறது.

கிராமத்து, பகுதி அளவிலான ஆட்டங்களில் ஸ்கோர் புத்தகத்தில் பேட்ஸ்மேன் வாரியாகப் பந்து குறிக்காத நாட்களும் இருக்கும். ரன் இருக்கும், பந்து இருக்காது. அந்த ஆட்டத்தின் ரன்னை ஆவரேஜுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டிரைக் ரேட்டுக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் பந்தே இல்லாத ரன் மேலே ஏறி, ஸ்டிரைக் ரேட் எகிறிவிடும். இப்படிப்பட்ட வரியில் எத்தனை ஆட்டத்தின் அடிப்படையில் ஸ்டிரைக் ரேட் போட்டீர்கள் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். ஊகித்துப் பந்து எண்ணிக்கை எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எகானமி: அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை

சீசன் தாள்களில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கும். அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

எகானமி என்பது ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பது. தாளில் ஓவர் 59.1 என்று எழுதியிருந்தால் அது 59 ஓவரும் ஒரு பந்தும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்து எண்ணிக்கை, அது 0-இலிருந்து 5 வரை மட்டுமே வரும். ஆறாவது பந்து வீசியதும் ஓவர் ஒன்று கூடிவிடும். கணினிக்கு இது தெரியாது. அது 3.5-ஐ மூன்றரை என்று எடுத்துக்கொள்கிறது, நமக்கோ அது நான்கு ஓவருக்கு ஒரு பந்து குறைவு. 3.5 ஓவரில் 28 ரன் கொடுத்தவருக்குக் கணினி 8.00 என்று எகானமி போடும். 23 பந்தில் 28 ரன், உண்மை எகானமி 7.30.

2012 ஐபிஎல்லில் சுனில் நரைன் 59.1 ஓவரில் 324 ரன் கொடுத்து 24 விக்கெட் எடுத்தார். 59 பெருக்கல் 6, கூட்டல் 1, மொத்தம் 355 பந்து. 324-ஐ ஆறால் பெருக்கி 355-ஆல் வகுத்தால் 5.476. நேராக 59.1-ஆல் வகுத்தால் 5.482. வித்தியாசம் நூலிழைதான், ஏனென்றால் ஓவர் நிறைய, புள்ளிக்குப் பின்னால் ஒரே பந்து. ஓவர் குறைவாகவும் பந்து 4, 5 ஆகவும் இருக்கும் வரிகளில் தவறு பெரிதாகத் தெரியும். அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

வகுப்பது ஒரு தவறு என்றால், ஓவர்களைக் கூட்டுவது இன்னொரு தவறு, அதுதான் மறைந்து நிற்கும். மாதிரிக்கு ஒரு பவுலரின் வரி: 8 ஆட்டம், 27.4 ஓவர், 196 ரன், எகானமி 7.15. திருப்பி வகுங்கள். 196-ஐ 7.15-ஆல் வகுத்தால் 27.41 வருகிறது. 27.4-ஐ அப்படியே தசமமாக வைத்து வகுத்திருக்கிறார்கள். சரி, திருத்துவோம்: 27 பெருக்கல் 6, கூட்டல் 4, 166 பந்து. 196-ஐ ஆறால் பெருக்கி 166-ஆல் வகுத்தால் 7.08. பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தாமல் எட்டு ஆட்டத்தின் ஓவர்களையும் எடுத்துப் பாருங்கள்: 4, 3.4, 4, 2.5, 4, 3.5, 4, 2. கணினி இவற்றைக் கூட்டி 27.4 என்றது. பந்தாக மாற்றிக் கூட்டினால் 24, 22, 24, 17, 24, 23, 24, 12, மொத்தம் 170. அதாவது 28 ஓவரும் 2 பந்தும். எழுத வேண்டியது 28.2. எகானமி 6.92. தாளில் 7.15 இருந்தது, சூத்திரத்தைத் திருத்தியதும் 7.08 ஆனது, கூட்டலையும் திருத்திய பிறகுதான் 6.92 என்ற சரியான எண் கிடைத்தது. ஏழுக்குக் கீழே எகானமி என்பது ஒரு பவுலருக்குப் பெருமையான விஷயம், அது தவறான கூட்டலால் பறிபோகக் கூடாது.

கூட்டல் தவறைச் சில நேரம் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஓவர் பத்தியில் எங்காவது .6, .7, .8, .9 தென்பட்டால் யோசிக்கவே வேண்டாம், தசமமாகக் கூட்டியிருக்கிறார்கள். ஆனால் மேலே பார்த்த 27.4 போல, தவறான கூட்டுத்தொகையும் ஒழுங்கான எண் போலவே வந்து நிற்கும். 3.5-ஐ மூன்று முறை கூட்டினால் 10.5, பார்வைக்குக் குறையில்லை, உண்மையில் அது 11.3. ஆகவே .6-க்கு மேல் இல்லை என்பதை வைத்து மட்டும் பத்தி சரி என்று முடிவுசெய்யாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்து எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி வைப்பது. B-இல் ஓவர், C-இல் ரன் இருந்தால் D-இல் பந்து:

```
=INT(B2)*6+ROUND((B2-INT(B2))*10,0)
```

ROUND எதற்கு என்று கேட்பீர்கள். 3.4-இலிருந்து 3-ஐக் கழித்தால் கணினிக்குள் 0.4 துல்லியமாக நிற்காமல் 0.3999 என்பது போல நிற்கும், ROUND இல்லாவிட்டால் சில வரிகளில் பந்து எண்ணிக்கை முழு எண்ணாக இல்லாமல் பின்னமாகிவிடும். பிறகு D பத்தியைக் கூட்டுங்கள், B-ஐக் கூட்டாதீர்கள். எட்டு ஆட்டம் 2-இலிருந்து 9 வரையிலான வரிகளில் இருந்தால் எகானமியும், திரும்ப ஓவராக எழுதுவதும் இப்படி:

```
=SUM(C2:C9)*6/SUM(D2:D9)
=INT(SUM(D2:D9)/6)+MOD(SUM(D2:D9),6)/10
```

ஆஸ்திரேலியாவின் பழைய ஸ்கோர்களை வைத்துப் பயிற்சி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1970-களின் இறுதி வரை அங்கே ஓவருக்கு எட்டு பந்து வீசிய காலம் இருந்தது, அந்தத் தாள்களில் ஆறால் பெருக்கினால் எல்லாமே தப்பாகும்.

இனி வகுக்கப்படும் எண்ணான ரன். பேட்டில் வந்ததும், வைடும், நோ-பாலும் பவுலர் கணக்கு. வைடு பந்து எல்லைக்கோட்டுக்குப் போய் 5 ரன் ஆனால் ஐந்தும் பவுலருக்குத்தான். பை, லெக் பை, அபராத ரன் மூன்றும் பவுலருக்குச் சேராது. இதைச் சரிபார்க்க எதிரணியின் ஸ்கோரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 148 ரன் அடித்திருக்கிறார்கள், அதில் பை 3, லெக் பை 6 என்றால், நம் பவுலர்கள் எல்லோரும் கொடுத்த ரன்னைக் கூட்டினால் 139 வர வேண்டும். 148 வந்தால் பை, லெக் பையையும் பவுலர் தலையில் கட்டியிருக்கிறார்கள். 139-க்கும் குறைவாக வந்தால் வைடோ நோ-பாலோ விடுபட்டிருக்கிறது. பந்துகளையும் இதே போலக் கூட்டிப் பார்க்கலாம்: முழு 20 ஓவர் வீசியிருந்தால் 120.

0.01 வித்தியாசத்தை என்ன செய்வது?

நரைனின் 5.476-ஐ முழுமையாக்கினால் 5.48 வரும். ஆனால் அவருடைய அந்த சீசன் எகானமி 5.47 என்றே பட்டியல்களில் இருக்கும். 2023 உலகக் கோப்பையில் கோலி 765 ரன், 8 அவுட், 847 பந்து. கணக்குப்படி ஆவரேஜ் 95.625, ஸ்டிரைக் ரேட் 90.319. பட்டியலில் 95.62, 90.31. இவை தவறில்லை, இரண்டு இலக்கத்துக்கு மேல் இருப்பதை முழுமையாக்காமல் வெட்டி எறியும் பழக்கம் சில பட்டியல்களில் உண்டு. உங்கள் கணக்கும் தாளும் 0.01 மட்டும் விலகி, விலகல் எப்போதும் தாளில் குறைவாகவே இருந்தால் இதுதான் காரணம், தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு வரியில் கூடவும் இன்னொரு வரியில் குறையவும் இருந்தால், சில கட்டங்களில் சூத்திரம் இருக்கிறது, சிலவற்றில் கையால் தட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எல்லாவற்றையும் சூத்திரமாக்கிவிடுங்கள். முழுமையாக்குவதா வெட்டுவதா என்பதை அணியே தீர்மானித்துக்கொள்ளலாம், தாள் முழுவதும் ஒரே முறை இருந்தால் போதும்.

சிறந்த பவுலிங் பத்தியில் ஒரு தொல்லை உண்டு. 3/24 என்று தட்டினால் கணினித் தாள் அதைத் தேதியாக மாற்றிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியின் வடிவத்தை Excel-இல் Text என்றும் Google Sheets-இல் Plain text என்றும் மாற்றிவையுங்கள். மாறிய பிறகு வடிவத்தைத் திருப்பினால் பழைய எண் வராது, மறுபடி தட்டத்தான் வேண்டும்.

சூப்பர் ஓவர் நடந்த ஆட்டம் இருந்தால், அதில் அடித்த ரன்னோ வீசிய பந்தோ தனிநபர் கணக்கில் சேர்க்கக் கூடாது. பவுலருக்கு ஒரு டி20 ஆட்டத்தில் 5 ஓவர் என்று தாளில் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும், அங்கே உச்சவரம்பு 4 ஓவர்.

எல்லாவற்றையும் திருத்திய பிறகு தரவரிசையை மறுபடி அடுக்குங்கள். அடுக்கும்போது குறைந்தபட்ச வரம்பு ஒன்று வையுங்கள், எத்தனை இன்னிங்ஸ் அல்லது எத்தனை பந்து என்று. ஒரே ஓவர் வீசி 2 ரன் கொடுத்தவர் 2.00 எகானமியுடன் 170 பந்து வீசியவருக்கு மேலே போய் உட்காருவது எந்த அணிக்கும் உதவாது. திருத்தத்தால் எந்த வீரரின் இடம் மாறியதோ, அவர் வரிக்கு எதிரே பழைய எண், புதிய எண், எந்த ஆட்டத்தின் எந்த இன்னிங்ஸில் தவறு இருந்தது என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். இடம் இறங்கியவர் கேட்கும்போது ஸ்கோர் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.